ஐந்து மணிக்கே எழுதப்பட்ட ஏழு மணிச் சோதனை: புதிய ஷிப்ட் லீடர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கொழும்பு 14, கிராண்ட்பாஸ் பக்கம் இருக்கும் ஒரு தேயிலைப் பொதியிடல் கூடத்தில் நடந்தது இது. ஏற்றுமதிக்கான தேயிலைப் பைகளை அடைக்கும் லைன். காலை 6 முதல் பிற்பகல் 2 வரை ஒரு ஷிப்ட், 2 முதல் இரவு 10 வரை இன்னொன்று. பிற்பகல் ஷிப்டில் மிசின் ஓட்டுபவர்கள், பெட்டி அடுக்குபவர்கள், கடைசியில் மெட்டல் டிடெக்டரில் நிற்பவர் என்று பன்னிரண்டு பேர். பாதிப் பேர் தமிழர், பாதிப் பேர் சிங்களவர்.

பழைய லீடர் வெளிநாடு போனதும், ஏழு வருடமாக அதே லைனில் நின்ற ஒரு பெண்ணை அந்த இடத்துக்குப் போட்டார்கள். அவரைச் சுதா என்று வைத்துக்கொள்வோம். மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறவன் என்ற வகையில் நான் உள்ளே வந்தது மூன்றாவது வாரம். மனேஜர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "நல்ல பிள்ளை சேர். ஆனா ஷிப்ட் கசந்துபோய் இருக்கு."

கசப்பு எங்கே என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் யாரும் சண்டை போடவில்லை. சுதா பக்கத்தில் போனால் பேச்சு நின்றது. நேற்றுவரை "சுதா" என்று கூப்பிட்டவர்கள் "மேடம்" என்றார்கள், அதுவும் கொஞ்சம் இழுத்து. அந்த "மேடம்" மரியாதை இல்லை என்று சுதாவுக்கும் தெரியும். இதைவிட முக்கியமான அறிகுறி ஒன்று மெக்கானிக்கின் புத்தகத்தில் இருந்தது. முன்பெல்லாம் பிற்பகல் ஷிப்டிலிருந்து சின்னச் சின்னக் குறைகள் வரும்: நூல் இழுக்கிறது, பை ஓரம் சரியாக ஒட்டவில்லை, டேக் கோணலாக விழுகிறது. மூன்று வாரமாக அப்படி எதுவும் எழுதப்படவில்லை. ஆனால் மிசின் நின்ற நேரம் குறையவும் இல்லை. அதாவது குறை இருந்தது, அதை லீடரிடம் சொல்வதைத்தான் ஆட்கள் நிறுத்தியிருந்தார்கள். மனம் கசந்த ஷிப்டில் முதலில் வற்றுவது தகவல்தான். வேலை குறைவது அதற்குப் பிறகு.

அந்த மூன்று வாரத்தில் சுதா செய்தது

நியமனக் கடிதம் சுதாவின் கையில் கிடைத்தது, நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டப்பட்டது, அவ்வளவுதான். அவருக்கு என்ன அதிகாரம் உண்டு, என்ன இல்லை என்று யாரும் ஆட்கள் முன்னால் சொல்லவில்லை. சுதாவிடமே கேட்டேன்: லீவு கொடுக்கலாமா? தெரியாது. லைனை நிறுத்தலாமா? நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். எச்சரிக்கைக் கடிதம்? அதை மனேஜர்தான் கொடுப்பார் போல.

தன் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர் இரண்டு வழியில் சமாளிப்பார். ஒன்று, சொல்வதை விட்டுவிட்டுத் தானே செய்வார். சுதா இடைவேளைக்குப் போகாமல் பெட்டி அடுக்கினார், மற்றவர் விட்ட எடைச் சோதனையைத் தானே எழுதினார். அது உதவி மாதிரித் தெரிந்தாலும், "நான் செய்தது சரியில்லை என்று சொல்லாமல் சொல்கிறாள்" என்றுதான் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு, ஒருவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாருக்கும் சொல்வார். தோழிகளின் பழைய வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் இரவு சுதா இப்படிப் போட்டிருந்தார்: "சில பேர் டெஸ்ட் ஒழுங்கா செய்யிறதில்ல. தயவுசெய்து கவனிங்க." அந்தச் "சில பேர்" யார் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். குற்றம் செய்தவருக்கு அது சபையில் விழுந்த அடி. செய்யாதவர்களுக்கு, நம்மையும் சேர்த்துச் சொல்லிவிட்டாளே என்ற எரிச்சல். பிறந்தநாள் படமும் கோயில் திருவிழா வீடியோவும் வந்துகொண்டிருந்த குழு அன்றைக்கே அமைதியாகிவிட்டது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, கொழும்பில் இதை அடிக்கடி பார்க்கிறேன். தமிழ்த் தோழிகளிடம் சுதா சிரித்துக்கொண்டே, பாதி கிண்டலாகத் தவறைச் சொல்வார். சிங்களப் பிள்ளைகளிடம் சொல்லும்போது, அந்த மொழியில் விளையாடிப் பேசும் அளவுக்குச் சரளம் இல்லாததால், நேரே கட்டளையாக வரும். சுதாவின் மனதில் பாகுபாடு எதுவும் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு, தன் ஆட்களிடம் சிரிக்கிறாள், நம்மிடம் சீறுகிறாள் என்றுதான் படும். தமிழ்ப் பக்கத்துக்கோ அந்தச் சிரிப்பினால் அது கண்டிப்பு என்பதே உறைக்காது.

முதலில் மனேஜரின் வேலை

சுதாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கும் முன், மனேஜரை லைனுக்கு வரச் சொன்னேன். ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிடம், இரண்டு மொழியிலும், அவரே சொல்ல வேண்டும். யாரை எந்த இடத்தில் நிறுத்துவது, இடைவேளை வரிசை, தரத்துக்காக லைனை நிறுத்துவது: இந்த மூன்றும் சுதாவின் முடிவு. லீவு, சம்பளம், எச்சரிக்கைக் கடிதம் ஆகியவை சுதாவிடம் இல்லை, மனேஜரிடம். ஓவர்டைம் பெயர்ப் பட்டியலைச் சுதா எழுதுவார், மனேஜர் கையெழுத்து வைப்பார்.

புதிய லீடர் தன் அதிகாரத்தைத் தானே அறிவித்தால் அது தலைக்கனம். மேலே இருப்பவர் அறிவித்தால் அது ஏற்பாடு. இல்லாத அதிகாரத்தையும் சேர்த்துச் சொல்வதில் ஒரு நன்மை உண்டு: "இவள் நம் லீவில் கைவைப்பாளோ" என்ற பயம் அன்றே தீர்ந்துவிடும்.

அடுத்தது மூத்த ஆபரேட்டர். ஐம்பதைத் தாண்டியவர், மிசினின் சத்தத்தைக் கேட்டே குறை சொல்லக்கூடியவர். எல்லாரும் அவரை அண்ணன் என்பார்கள். லீடர் இடம் தனக்கு என்று இருந்தவர். அவரிடம் பேசாமலே சுதா மூன்று வாரத்தைக் கடத்தியிருந்தார். பேசினால் என்ன சொல்வது? சுதா தயாரித்து வைத்திருந்தது, "அண்ணே, நான் கேட்டு வாங்கல்ல, அவங்களா போட்டது. நீங்கதான் எனக்கு உதவி செய்யணும்" என்பது. இதைச் சொல்ல வேண்டாம் என்றேன். பதவிக்கு மன்னிப்புக் கேட்டால், அந்தப் பதவி தவறாகக் கிடைத்தது என்று நாமே ஒப்புக்கொள்வதாகும். வெறும் "உதவி செய்யுங்க" என்பதிலோ அவருக்கென்று ஒன்றும் இல்லை. கடைசியில் சுதா சொன்னது இது:

"அண்ணே, இந்த இடம் உங்களுக்குக் கிடைக்கும்னு நீங்க நினைச்சது எனக்குத் தெரியும். அதுல என்னால ஒண்ணும் செய்ய ஏலாது. மிசின் செட்டிங் விசயத்துல நீங்க சொல்றதுதான் கடைசி வார்த்தை, மெக்கானிக்கிட்டயும் அப்படியே சொல்லிட்டேன். ஆள் நிறுத்துறதும் டெஸ்ட்டும் என் பொறுப்பு. அதுல நான் சொல்றத நீங்க கேக்கணும். ஏதாவது பிழையா பட்டா என்கிட்ட தனியா சொல்லுங்க."

அவர் "சரி" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. சுதாவுக்கு அது ஏமாற்றம். எனக்கு அது போதுமான பதிலாகத் தெரிந்தது.

வேலை சொல்லும் விதம்

தோழிகளிடம் வேலை சொல்லும்போது சுதாவின் வாயில் வந்ததெல்லாம் கேள்வியாகவே வந்தது. "டெஸ்ட் யாராவது செய்தீங்களா?" "அந்தப் பக்கம் கொஞ்சம் பாக்க முடியுமா?" இவை பணிவாக ஒலிக்கும், ஆனால் யார் செய்வது, எப்போது செய்வது என்று இவற்றில் இல்லை. ஒருவரும் செய்யாமல் விட்டால் லீடருக்குக் கோபம் வரும். கேட்டவர்களுக்கோ அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்றே புரியாது. இந்த ஷிப்டின் மனக்கசப்பில் பாதி, கடுமையான கட்டளையால் வந்ததில்லை, தெளிவில்லாத கட்டளையால் வந்தது.

மாற்றியது சின்ன விசயம்தான். பெயர் அல்லது உறவுமுறை, வேலை, நேரம், முடிந்ததை எப்படித் தெரிந்துகொள்வது. "அக்கா, நாலு மணி டெஸ்ட்ட நாலு அடிக்கும்போதே செய்யுங்க, முடிஞ்சதும் எனக்குக் கை காட்டுங்க." அக்காவும் இருக்கிறது, கட்டளையும் இருக்கிறது. பதவி வந்தால் உறவுமுறையை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று சில பயிற்சிகளில் சொல்கிறார்கள். நம் ஆட்களிடம் அது ஏழு வருட உறவை வெட்டுகிற மாதிரி விழும். சிங்களப் பிள்ளைகளையும் நங்கி, மல்லி என்றே கூப்பிட்டுவந்தார் சுதா. அதை அப்படியே வைத்துக்கொண்டு, வேலை சொல்லும் வாக்கியத்தை இரண்டு மொழியிலும் ஒரே அமைப்பில், ஒரே குரலில் சொல்லப் பழகச் சொன்னேன். தமிழில் சிரித்துச் சொல்வதை விட்டார், சிங்களத்தில் காரணத்தையும் சேர்த்துச் சொல்லக் கற்றார்.

ஏழு மணிச் சோதனை

அந்த லைனில் பைகளுக்கு ஸ்டேபிள் கம்பி அடிப்பதில்லை, நூலை முடிச்சுப் போட்டே கட்டுகிறார்கள். அதனால் நிறைந்த பெட்டியையே மெட்டல் டிடெக்டருக்குள் அனுப்பலாம். டிடெக்டர் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு மணிக்கும் மூன்று சோதனைத் துண்டுகளை விட்டுப் பார்க்க வேண்டும்: இரும்பு, இரும்பல்லாத உலோகம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மூன்றுக்கும் பெல்ட் பெட்டியைத் தள்ளிவிட வேண்டும். ஒன்றையாவது தவறவிட்டால், கடைசியாகச் சரியாக இருந்த சோதனைக்குப் பின்னால் போன எல்லாப் பெட்டிகளையும் நிறுத்திவைத்து, டிடெக்டரைச் சரிசெய்த பின் மீண்டும் உள்ளே விட வேண்டும். ஆகவே தாளில் எழுதிய நேரம் உண்மையாக இருக்க வேண்டும். பொய்யாக இருந்தால், எந்தப் பெட்டியிலிருந்து பின்னோக்கித் தேடுவது என்றே தெரியாமல் போகும்.

ஒரு மாலை 5.20 மணிக்குச் சுதா தாளைப் பார்க்கிறார். ஆறு மணி, ஏழு மணி வரிகள் இரண்டும் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கின்றன. கையெழுத்து டிடெக்டரில் நின்ற தோழியுடையது. ஹட்டனிலிருந்து வந்து, சுதாவோடு ஒரே போர்டிங்கில் தங்கி, ஒரே பஸ்ஸில் வந்துபோகிறவர். வாட்ஸ்அப்பில் "சில பேர்" ஆனவரும் அவரே. இன்னொன்றும் இருந்தது: லீடராகும் முன் சுதாவும் இதைச் செய்திருக்கிறார், அந்தத் தோழிக்குப் பக்கத்தில் நின்றே.

முன்னாள் தோழியைத் திருத்துவதில் உண்மையான முடிச்சு இதுதான் என்று நினைக்கிறேன். வெளியிலிருந்து வரும் லீடருக்கு ஆட்களின் குறுக்குவழிகள் தெரியாது. உள்ளிருந்து வந்தவருக்கு எல்லாம் தெரியும், அவரும் அதில் நடந்தவர். அவர் திருத்தும்போது எதிராளிக்கு வருகிற கோபம் திருத்தத்தின் மீது வருவதில்லை, "நேற்று நீயும் செய்தாயே" என்பதிலிருந்து வருகிறது. அதைச் சுதா மறைத்தால் தோழி அதையே பிடித்துக்கொள்வார்.

நல்லகாலம், இந்தச் சூழ்நிலை வரும் என்று இருவரும் எதிர்பார்த்து முன்பே ஒருமுறை ஒத்திகை பார்த்திருந்தோம். நான் தோழியாக நடித்தேன். முதல் தடவை சுதா, "ஏன் இப்படிச் செய்றே?" என்று தொடங்கினார். "ஏன்" என்று கேட்டால் காரணங்கள்தான் வரும், அப்புறம் காரணங்களோடு வாதாட வேண்டியிருக்கும். இரண்டாம் தடவை அரைமணி நேரப் பாராட்டுக்குப் பிறகு விசயத்துக்கு வந்தார். நடுவில் எதற்காகக் கூப்பிட்டார் என்றே எனக்கு மறந்துவிட்டது. மூன்றாவதில்தான் கண்ணால் கண்டதைச் சொல்லித் தொடங்கினார்.

அன்று நடந்தது இது. தோழியின் இடத்தில் வேறொருவர் நின்று அவரை விடுவிக்கும்படி சுதா ஏற்பாடு செய்தார். பெட்டிகள் அடுக்கியிருக்கும் பலகைகளின் பக்கம், லைனிலிருந்து பார்த்தால் தெரியும் ஆனால் கேட்காத தூரத்தில், நின்றபடியே பேசினார். கன்டீனுக்குக் கூட்டிப்போகவில்லை, பஸ் வரைக்கும் தள்ளிப்போடவும் இல்லை.

"ஆறு மணியும் ஏழு மணியும் இப்பவே எழுதியிருக்கு. இப்ப அஞ்சு இருபது."

தோழி சிரித்தார். "நீயும் எழுதினதுதானே."

"ஆமா, எழுதினேன். அது பிழை, அப்பவும் பிழைதான். இப்ப அந்தத் தாள்ல என் கையெழுத்தும் போகுது, நான் விட ஏலாது. இன்னைக்கிலிருந்து யார் எழுதினாலும் விடமாட்டேன்."

"சரி, இனி எழுதல்ல. விடு."

"ரெண்டு வரியையும் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்துல கையெழுத்து வை. வா, இப்ப டெஸ்ட் செய்வோம். அஞ்சு மணி டெஸ்ட் உண்மையா செஞ்சதா?"

"அது செஞ்சேன். சத்தியமா."

"இதை நான் தரப் பிரிவுக்குச் சொல்லணும். போய்ச் சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்றேன்."

இந்த இடத்தில்தான் தோழியின் முகம் மாறியது. "கூடப் படுத்து எழும்புறவ காட்டிக்கொடுப்பாளா?" என்று கேட்டார். சுதா பதில் பேசவில்லை. பேசியிருந்தால் பேச்சு நட்பைப் பற்றியதாகத் திரும்பியிருக்கும். "டெஸ்ட்ட செய்வோம்" என்று மட்டும் சொல்லி டிடெக்டர் பக்கம் நடந்தார். மூன்று துண்டுகளையும் டிடெக்டர் பிடித்தது. 5.31 என்று எழுதினார்கள். ஐந்து மணிக்கும் இதற்கும் இடைப்பட்ட பெட்டிகளை நிறுத்திவைக்கத் தேவை வரவில்லை.

தரப் பிரிவுக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்று மனேஜர் பின்னர் என்னிடம் கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். இடைவேளையில் ஐந்து நிமிடம் பிந்தி வருவதை லீடர் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவில் பொய்யான வரி அப்படியில்லை, அதை மறைத்தால் சுதாவும் அதில் பங்காளி. ஆனால் ஒன்று: முதுகுக்குப் பின்னால் சொன்னால் அது காட்டிக்கொடுப்பு, முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போய்ச் சொன்னால் அது கடமை. எதிராளி இரண்டையும் அன்று ஒன்றாகப் பார்க்கலாம். நாள் போகப் போக வேறுபாடு தெரியும். தரப் பிரிவு அதைப் பதிவில் குறித்துக்கொண்டு, தோழிக்கு மறுபடியும் பயிற்சி கொடுக்கச் சொன்னது. கடிதம் எதுவும் போகவில்லை.

ஏன் முன்கூட்டி எழுதினார்கள்

"ஏன்" என்பதை அந்த நேரத்தில் கேட்க வேண்டாம் என்றேன். அதற்காகக் கேட்காமலே விடக்கூடாது. மறுநாள் சுதா அமைதியாகக் கேட்டார். சோதனைத் துண்டுகள் தரப் பிரிவு அறையின் அலுமாரியில் பூட்டியிருந்தன. ஒவ்வொரு மணிக்கும் கூடத்தின் அந்தக் கோடிவரை போய், சாவிக்காரரைத் தேடி, எடுத்துவந்து, திரும்பக் கொடுக்க வேண்டும். ஆறு மணிக்குத் தேநீர் இடைவேளையும் வருகிறது. போகாமல் எழுதினால் இடைவேளை முழுதாகக் கிடைக்கும்.

சுதாவும் இதே காரணத்தால்தான் முன்பு எழுதினார். லீடரானபின் அந்தக் காரணம் அப்படியே இருக்க, எழுதியதை மட்டும் பிழை என்று சொன்னால், அதைப் போல எரிச்சலூட்டுவது வேறில்லை. மனேஜரிடம் கேட்டு, துண்டுகளை டிடெக்டர் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியில் வைத்தார்கள். ஷிப்ட் மாறும்போது இரு லீடரும் எண்ணிக் கையெழுத்துப் போடுகிறார்கள், ஏனென்றால் அந்தத் துண்டு ஒன்று தேயிலைக்குள் விழுந்தால் அதுவே பெரிய வினை. இடைவேளையில் டிடெக்டருக்கு மாற்று ஆள் ஒருவரும் பட்டியலில் வந்தார்.

இதற்குப் பிறகு தாள்களைப் பார்த்தேன். பழைய தாள்களில் 3.00, 4.00, 5.00 என்று எல்லாம் முழு மணி, ஒரே பேனா, ஒரே சாய்வு. புதிய தாள்களில் 3.04, 4.01, 5.07. ஒழுங்கற்ற அந்த நிமிடங்கள்தான் தாள் உண்மையாக எழுதப்படுகிறது என்பதற்கு அடையாளம்.  மெக்கானிக்கின் புத்தகத்திலும் மெல்ல மெல்லச் சின்னக் குறைகள் வரத் தொடங்கின.

அதே திருத்தம், இன்னொருவருக்கு

சில நாள் கழித்து ஒரு சிங்களப் பையன் எடைத் தாளில் இதையே செய்தான். அந்தத் தாளில் பத்துப் பைகளின் எடையைச் சேர்த்து நிறுத்து எழுத வேண்டும். ஒரு பைக்கு 2 கிராம், ஆகவே பத்துக்கு 20 கிராமைச் சுற்றி வரும். அவன் எதையும் நிறுக்காமல் 20.0 என்று மூன்று வரி எழுதியிருந்தான். ஷிப்ட் முழுதும் சுதாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதே பலகைகளின் பக்கம், அதே வரிசை: கண்டது, இனிமேல் எப்படி, கோடு போட்டு வெட்டு, இப்போது நிறு, தரப் பிரிவுக்குச் சொல்கிறேன். சிங்களத்தில் சொற்கள் கொஞ்சம் தடுமாறின, முறை மாறவில்லை. தோழிக்குச் செய்ததைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சுதாவைப் பற்றிய பேச்சு அன்றிலிருந்துதான் மாறியது என்று மனேஜர் சொல்கிறார். முதல் திருத்தத்தை யாரும் நம்பவில்லை, இரண்டாவதைப் பார்த்துத்தான் முதலாவது நேர்மையானது என்று எடுத்துக்கொண்டார்கள்.

தோழியோடு சுதா கிட்டத்தட்ட இரண்டு வாரம் பஸ்ஸில் பேசாமலே போனார். போர்டிங்கில் சமைப்பதை மட்டும் இருவரும் முறைவைத்துச் செய்தார்கள். பிறகு பேச்சு வந்தது. வேலையைப் பற்றிப் பஸ்ஸில் பேசுவதில்லை என்று இருவருமாக ஒரு ஏற்பாடும் வந்தது. பழைய வாட்ஸ்அப் குழுவைச் சுதா விட்டு விலக வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆள் பட்டியலுக்கு மட்டும் தனிக் குழு ஒன்றைத் தொடங்கினார், திருத்தம் எதையும் எந்தக் குழுவிலும் எழுதுவதில்லை.

அண்ணன் விசயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. மிசின் செட்டிங்கில் அவர் சொன்னது நடந்தது, மெக்கானிக்கும் மதித்தார். ஆனால் சுதா சொல்லி இடம் மாறி நிற்பது அவருக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை. காலை ஷிப்டுக்கு மாற்றம் கேட்டார், கொடுத்தார்கள். சுதா அதைத் தன் தோல்வியாக எடுத்துக்கொண்டார். நான் அப்படி நினைக்கவில்லை. லீடர் இடம் கிடைக்காததை அவருக்கு விளக்க வேண்டியவர் மனேஜர், நியமனத்துக்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும். அந்தக் கடனைச் சுதாவால் அடைக்க முடியாது.

இன்னும் தீராமல் இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பட்டியல். வாரத்துக்கு நான்கு பேர்தான் தேவை, கேட்பவர்கள் எட்டுப் பேர். சுதா இப்போது அதை வரிசைமுறையில் எழுதி, போன வாரப் பெயர்களோடு சேர்த்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார். இருந்தாலும் மாதக் கடைசியில் யாராவது ஒருவர் மனேஜரின் கதவைத் தட்டாமல் இருப்பதில்லை.